தொலைபேசி இலக்கத்தில் வைத்த அடுப்பு

“இந்தப் பழைய புரோகிராமைத் தூக்கி எறிஞ்சு போட்டுப் புதுசா எழுதுறதுதான் வழி” என்று மனேஜர் சொன்னபோது, “நான் அதுக்கு ஒத்துக்கொள்ள மாட்டன் சேர்” என்று சொன்னேன். அன்று காலையில் மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். அந்தத் துணிவு என்னுடையது அல்ல, அவன் தந்தது.

சண்டைக்காலம். வடக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சனம் வாவியைக் கடந்து, பாதையெல்லாம் நடந்து, மட்டக்களப்புப் பள்ளிக்கூடங்களில் வந்து நிறைந்திருந்தது. நான் வேலை செய்த நிவாரண நிறுவனம் அவர்களுக்கு உலர் உணவு கொடுத்தது. எந்தக் குடும்பத்துக்கு அட்டை, அட்டையில் எத்தனை பேர் என்பதையெல்லாம் ஒரு புரோகிராம்தான் சொல்லும். அதற்கு முன்பு, சுனாமியில் கடல் பொங்கின கையோடு, முகாமில் சனம் வரிசையில் நிற்க நிற்க, நானும் இன்னொருவரும் அவசரத்தில் எழுதியது அது. எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையோடு சரி. கம்பியூட்டரை டியூட்டரியில் பழகினேன். அது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதன் நோய் நொடி பார்ப்பதும் என் வேலையாயிற்று.

நோய் இருந்தது, மறைக்கவில்லை. ஒரே கணக்கைப் பல பக்கங்களில் பிரதி எடுத்து ஒட்டியிருந்தோம். ஒன்றைத் திருத்தினால் மற்றவற்றையும் தேடித் திருத்த வேண்டும். விபரமெல்லாம் கிடக்கிற டேட்டாபேஸோடு பேசுகிற லைப்ரரி, வேறு யாரோ எழுதிய துணைப் புரோகிராம், பழையது. புதியது வெளிவந்தபோதெல்லாம் “ஓடுறதை ஏன் கிண்டுவான்” என்று மேலிடம் தள்ளிப்போட்டது. இப்போது கொழும்பிலிருந்து வந்த புதிய சேர்வரில் அந்தப் பழையது ஏறவே இல்லை. வீட்டுக் கூரையில் ஓடு நழுவினால் மாரிக்கு முன் ஏறி வைப்போம். புரோகிராமுக்கு மட்டும் மாரி வராது என்று நினைத்திருந்தார்கள்.

புதிதாக எழுதத் தலைமையகம் ஒரு தம்பியை அனுப்பியது. மலையகத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படித்தவர், நல்ல வேலைக்காரர். நாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “அண்ணன், இதுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியலையே” என்று சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, உண்மைதானே. அவர் எழுதியது வடிவாக இருந்தது. அட்டை அச்சடிக்கிற பகுதியை நான் எத்தனையோ தரம் ஒட்டுப்போட்டிருந்தேன். அவர் அதை முழுதாக எழுதினார், எங்களுடையதை விட எவ்வளவோ மேல்.

அடுத்த விநியோகத்துக்குப் புதியதுதான் என்று மனேஜர் தீர்மானித்தார். பழைய மெசினை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. ஒரே விபரத்தை இரண்டிலும் போட்டு, இரண்டு பட்டியலும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் நிறுத்துவேன் என்றேன்.

“உமக்கு உம்மட பழைய பிள்ளையில ஆசை” என்று கேலி செய்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அந்தத் தம்பி சிரிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரே ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தந்தார். ஓட்டினோம். புதிய பட்டியல் பழையதை விடக் கட்டையாக இருந்தது. மனேஜருக்குச் சந்தோசம். இரட்டைப் பதிவெல்லாம் கழிந்துபோயிற்று, கொழும்பு மெச்சும் என்றார். நான் கழிந்துபோன பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். எல்லாம் இளம் குடும்பங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகள்.

எங்கள் பக்கம் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிடுவோம். மருமகன் அங்கே வருவார். தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு வேறாகச் சமைப்பார்கள். ஊர் விலாசம் ஒன்று, அடுப்பு இரண்டு. அடுப்புக்கு ஒரு அட்டை என்பதுதான் எங்கள் விதி. முதன்முதல் இந்தச் சிக்கல் வந்த நாளில், அடுப்பு இலக்கத்தைப் போட டேட்டாபேஸில் ஒரு இடம் புதிதாகத் திறக்க நேரம் இருக்கவில்லை. அகதி முகாமில் யாரிடம் தொலைபேசி இருக்கிறது? அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குள் தாய்க்கு ஒன்று, மகளுக்கு இரண்டு என்று அடுப்பைப் போட்டோம். பிறகு மாற்றுவோம் என்றோம். மாற்றவில்லை.

தம்பி பார்த்தபோது தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் ஒன்றும் இரண்டும் இருந்தன. குப்பை என்று கழித்துவிட்டார். யாராயிருந்தாலும் கழித்திருப்பார்கள். விபரத்தைப் புதியதற்கு ஏற்றும்போது ஒரே விலாசம் இரண்டாம் தரம் வந்தால் சத்தமில்லாமல் தள்ளிவிடும்படி எழுதியிருந்தார். மகளின் வீடுகள் அப்படியே தள்ளுண்டு போயின.

சொன்னதும் அவர் முகம் மாறியது. “இத எங்கயுமே எழுதி வைக்கலையா அண்ணன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வைக்கவில்லை.

நாங்கள் இருவரும் மனேஜரிடம் போனோம். பட்டியல் ஒத்துவருமட்டும் பழையதில்தான் அட்டை அடிப்போம் என்றேன். திகதி கொடுத்தாயிற்று, கொழும்புக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

“சேர், என்னை வேலையால நிப்பாட்டுங்க. ஆனா பச்சப்பிள்ளக்காரியள்ற அட்டையை வெட்டிப்போட்டு நான் விபூதி பூச ஏலாது.”

அவர் தம்பியைப் பார்த்தார்.

“நானும் இந்தப் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சேர்” என்றார் தம்பி.

மனேஜர் கெட்டவர் அல்ல. கலண்டரில் குறித்திருந்த திகதியைப் பேனையால் வெட்டினார். பிறகு, “பழையதிலயே அடிங்க, நான் பாத்துக்கொள்றன்” என்றார்.

அதற்குப் பிறகு, புதியதை விட்டுப் பழையதையே செம்மையாக்கியதுதான் உண்மையான வேலை. முதலில் அடுப்புக்கு அதன் சொந்த இடத்தைத் திறந்து, தொலைபேசி இடத்திலிருந்து மாற்றினோம். ஒரு வளவில் இரண்டு அடுப்பு, கணவன் காணாமல்போன பெண்ணின் அட்டை என்று ஒவ்வொரு விதியையும் ஒரு சோதனையாக எழுதிவைத்தோம். எதைத் தொட்டாலும் அவற்றை ஓட்டிப் பார்ப்போம். பக்கம் பக்கமாகச் சிதறியிருந்த டேட்டாபேஸ் வேலைகளை ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தோம். அதன்பின் அந்த ஒரு கோப்பில் லைப்ரரியை மாற்றினால் போதுமாயிற்று. பழைய லைப்ரரி பிழை நடந்தாலும் வாய் திறக்காது. புதியதை, பிழை கண்ட இடத்திலேயே நிற்கும்படி வைத்தோம். அது நின்ற இடங்களையெல்லாம் பார்த்தபோது, இவ்வளவு காலமும் இதையெல்லாம் விழுங்கிக்கொண்டா ஓடினது என்று பயமாகத்தான் இருந்தது. தம்பி எழுதிய அட்டை அச்சடிக்கும் பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டோம். எங்களுடையதை அழித்தோம். அது சாகவேண்டியதுதான், அதற்காக நான் அழவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களைப் பழுது பார்க்கவென்றே ஒதுக்கினேன். புதிய ரிப்போட் வேண்டும் என்று அந்த நேரத்தில் யார் வந்தாலும் இல்லை என்றேன். மேலதிகாரி வந்தார், இல்லை என்றேன். கோயிலில் பூசைக்கு ஒரு நேரம் உண்டு, அதில் யாரும் கடை விரிப்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். பழகிப்போனார்கள்.

அந்த விநியோகம் பிந்தித்தான் நடந்தது. பள்ளிக்கூட மாமரத்தடியில் ஒரு தாயும் மகளும் ஆளுக்கொரு அட்டையோடு அடுத்தடுத்து நின்றார்கள். மகளின் இடுப்பில் பிள்ளை. தாய் மா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்ன மனே, இத்தனை நாள் புறகு தந்த மாவும் புழுத்துக் கிடக்கே. இதைத் தரத்தானா கிடந்து இழுத்தடிச்ச?”

மாவைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறேன் என்றேன். மகள் தன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தாய் தன்னுடையதை இழுத்துக்கொண்டு, என்னை ஏசிக்கொண்டே பின்னால் போனார். அந்த ஏச்சு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டேன். இரண்டு மூட்டையும் போயிற்று.