தலைப்பைச் சிறிதாக்கிய அமலி

அமலிக்கு ஒரு பழக்கம். பஸ்ஸில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர் கண்களையே பார்ப்பாள். கண் எந்த இடத்தில் தடுக்கிறது, எங்கே வரி தவறி மேலே போகிறது என்று. காந்திபுரத்தில் சொந்தமாக அச்சு டிசைன் கடை போட்ட பிறகு இது இன்னும் முற்றிவிட்டது.

முதல் பெரிய வேலையைக் கொடுத்தவர் சொட்டுநீர்க் குழாய் வியாபாரி கோவிந்தராஜுலு. இருபத்துநாலு பக்கக் கையேடு. இரண்டு வருடமாக விநியோகத்தில் இருக்கும் பழைய பிரதியை நீட்டி, வாசகத்தில் கை வைக்காமல் அழகாக்கச் சொன்னார்.

"பக்கம் கூடக் கூடாதுங்க அம்மணி. தலைப்பு தூரத்துல இருந்தே தெரியோணும். புடிக்கலீன்னா பழைய ஆளுகிட்டயே குடுத்துருவேன்."

இது கைநழுவினால் அமலி கடையை மூடிவிட்டு மறுபடி சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

சொன்னபடியே செய்து, விவசாயிகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க மாதிரிப் பிரதியோடு அன்னூரில் ஒரு குழாய்க் கடைக்குப் போனாள். அங்கே காத்திருந்த சாந்தாமணி என்ற விவசாயி படத்தைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார், நாலு வரி படித்தார், பிறகு அதாலேயே விசிறிக்கொண்டார்.

"ஏனுங்க, புடிக்கலீங்களா?"

"இல்ல கண்ணு, அடுத்த வரிக்குப் போனா முன்ன படிச்சதே திரும்ப வருது. கண்ணு நோவுது."

அமலிக்குத் தூக்கம் போனது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய பிரதியைச் செய்தவர் ஆங்கிலக் கையேட்டுக்கு வைத்த வரி இடைவெளியிலேயே தமிழைக் கொட்டியிருந்தார்; அவளும் அதை அப்படியே விட்டிருந்தாள். மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரிப் புள்ளியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இடைவெளியைக் கூட்டினால் வரிகள் பிரிந்தன, பக்கங்கள் எகிறின. இடத்தைத் தின்பது எது? 'வடிகட்டியைச் சுத்தப்படுத்துதல்' மாதிரித் தலைப்புகள். ஆங்கில அளவில் அவை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரியாக உடைந்து கிடந்தன. அளவைக் குறைத்து, தடித்த எழுத்தாக்கி, ஒரே வரியில் அடக்கினாள். மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இடம் விட்டதில் தலைப்பு தன் பத்தியோடு ஒட்டிக்கொண்டது. அங்கே மிச்சமான இடம் முழுவதும் வரிகளுக்கு நடுவே போனது. பக்கம் இருபத்துநாலே.

புதிய பிரதியைப் பார்த்ததும் கோவிந்தராஜுலுவின் முகம் சுருங்கியது. "தலைப்பு என்னங்க இப்படி இளைச்சுப்போச்சு?"

"ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க ஐயா. அப்புறம் வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்," என்றாள்.

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். பக்கம் புரட்டினார். மறுபடி புரட்டினார். குழாய் அடைப்பை ஆசிட் விட்டு நீக்கும் பகுதியில் நின்றார்.

"ஆசிடுக்குள்ள தண்ணிய ஊத்தோணும்னு இருக்குது. தண்ணிக்குள்ளதானுங்க ஆசிட ஊத்தோணும். மாத்தி ஊத்துனா மூஞ்சில தெறிச்சுப்போடும்."

"நான் வாசகத்துல கை வைக்கலீங்க," என்றாள் அமலி. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை பார்த்தவள்தான், படிக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பழைய பிரதியை எடுத்துத் தேடினார். நெருக்கியடித்த வரிகளுக்குள் அதே தப்பு கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வருசங்க. நானே பாத்துக் குடுத்தது. ஒருத்தரும் போன் போட்டுக் கேக்கலீங்க."

"படிச்சிருந்தாத்தானுங்க கேப்பாங்க."

"ஆருமே படிக்காததுனால பொழச்சோமுங்க," என்றார் அவர். "இனிப் படிப்பாங்க. அந்த வரியத் திருத்திப்போட்டு அச்சுக்கு அனுப்புங்க அம்மணி."