மூடிக்கு மூடி சுண்ணாம்புப் பொட்டு

என் கணவர் குவைத்துக்குப் போன சில வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து சேர்ந்தது. பழைய டீசல் வண்டி. அவர் அனுப்பிய பணத்தில் என் மாமனார் பார்த்து வாங்கியது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். ஏர்போர்ட்டுக்கும் பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் ஆட்களை ஏற்றிப் போக வண்டிக்கு எப்போதும் கிராக்கி.

வண்டி ஓட்ட, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். முப்பது வயதிருக்கும். அவருடைய அப்பா இன்னும் நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். இவர் லாரியில் கிளீனராகச் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவர். அதிகம் பேசமாட்டார். அதுவே என் மாமனாருக்குச் சந்தேகம்.

"வாயத் தொறக்காதவன் மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்பார்.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். கடை வேலைக்காரர்கள், மொத்த வியாபாரி, எதிர்க்கடைக்காரர் என்று யாரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தே பழகியவர். குவைத்திலிருந்து என் கணவர் வேறு போனில் எண்ணெய் ஊற்றினார். அங்கே அவருடைய அறையில் இருந்த ஒருவருக்கு ஊரில் இருந்த வண்டியில் புது பேட்டரியைக் கழற்றி விற்றுவிட்டு டிரைவர் பழசை மாட்டிவிட்டாராம். "பேட்டரி மேல ஒரு கண்ணு வச்சுக்க. ஓரத்துல ஆணியால ஒரு கோடு கீறிவிடு" என்றார். நானும் கீறினேன். டிரைவர் சாப்பிடப் போகும் நேரத்தில் பானெட்டைத் தூக்கி அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். எப்போதும் இருந்தது.

அந்த வருஷம் சித்திரை வெயில் தாங்க முடியவில்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. வண்டியின் பானெட்டில் கை வைத்தால் சுட்டது. ஒருநாள் காலை மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. உள்ள பாரு."

பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து வைத்திருந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஆறு குழிகளிலும் தண்ணீர் இறங்கி, உள்ளே தகடுகளின் மேல்விளிம்பு தெரிகிற அளவுக்கு வந்திருந்தது.

"போன வாரம்தான் தளும்பத் தளும்ப ஊத்துனேன். எங்க போச்சு?"

"வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும் மாமா."

"இவ்வளவா? எவனோ உள்ளேருந்து எடுக்குறான். ஆசிட்டுக்கு வெளில விலை இருக்கு, தெரியுமா?"

பெட்ரோல் பங்கில் வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்து, புனல் வைத்து, ஒவ்வொரு குழியிலும் கழுத்து வரை ஊற்றினார். மூடிகளைத் திருகினார். பிறகு வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, ஒவ்வொரு மூடியும் பேட்டரியும் சேர்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். யாராவது மூடியைத் திருகினால் பொட்டு உடைந்துபோகும். அதுதான் அவர் கணக்கு.

இரண்டு சவாரி போய் வந்தது வண்டி. மாமா பானெட்டைத் தூக்கினார். நாலு பொட்டைக் காணோம். மற்ற இரண்டும் கரைந்து வழிந்திருந்தன. பேட்டரியின் மேல்பக்கம் ஈரமாக இருந்தது. கீழே அது உட்காரும் தகரத்தட்டில் பெயிண்ட் பொரிந்து உரிந்திருந்தது. முனைகளைச் சுற்றி பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது.

"பாத்தியா? தொறந்திருக்கான்."

அன்று சாயங்காலம் டிரைவரின் சட்டையில் மாமா கவனித்த விஷயம் அதைவிட மோசம். வயிற்றுப் பக்கத்தில் துளித்துளியாகப் பொத்தல்கள். தோளில் போட்டிருந்த துண்டிலும் அப்படித்தான். ஆசிட் பட்ட துணி அப்படித்தான் ஆகும் என்பது பாத்திரத்துக்குப் பாலிஷ் போட்ட மாமாவுக்குத் தெரியும்.

"சட்டைல என்ன தம்பி ஓட்டை?"

"எலி கடிச்சிருச்சு பாய்" என்றார் டிரைவர், முகத்தைப் பார்க்காமல்.

எலி அப்படிக் கடிக்காது. எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது அப்போதுதான். ஆனால் நான் கீறிய கோடு அப்படியே இருந்தது, பேட்டரி மாறவில்லை. பேட்டரி மாறாமல் ஆசிட்டை மட்டும் ஒருவர் எதில் எடுத்துப்போய் யாரிடம் விற்பார்? ஆறு குழியிலிருந்து எடுத்தாலும் நாலு லிட்டர் தேறுமா? யோசித்தால் ஒன்றும் பொருந்தவில்லை. யோசிக்காமல் இருந்தால் எல்லாம் பொருந்தியது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். வண்டியைத் துடைக்கும் டிரைவரை மாமா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். டிரைவரும் சாவியை வாங்கியதும் முதலில் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ திருட்டுப் போன மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். டிக்கியில் அவருடைய பைக்குள் வெள்ளை கேன் ஒன்று இருப்பதை நான் ஒருநாள் கண்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ஆள் வெளியே.

என் கணவர் லீவில் வருவதாகச் செய்தி வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாமாவும் நானும் கிளம்பினோம். தஞ்சாவூர் தாண்டுவதற்கு முன் மாமாவுக்கு மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பள்ளிவாசல் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அவர் திரும்பி வந்ததும் டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முனகல் முனகியது. மறுபடி திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மாமா பின்சீட்டிலிருந்து, "இன்னைக்குத்தான் இது நடக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். டிரைவர் இறங்கி ஆள் கூப்பிட்டார்.

தெருவில் போன நாலுபேர் தள்ளிவிட, வண்டி கிளம்பியது. எஞ்சினை அணைக்காமலே விசாரித்து விசாரித்து தஞ்சாவூரில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைவிட சந்தேகக்காரராக இருந்தார். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் திறந்து பார்த்தவர், எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"பைப்புத் தண்ணி ஊத்துனீங்களா?"

"டிஸ்டில்டு வாட்டர்தான்" என்றார் மாமா.

"ஆசிட்டு எதுவும் ஊத்துனீங்களா? குடிக்கிற பாட்டில் தண்ணி?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு தடவை. நாகப்பட்டினத்துல கேன் காலி. பாட்டில் தண்ணி கொஞ்சம் விட்டேன்."

மாமா சடாரென்று திரும்பினார். "நீ எதுக்குப்பா விடுற? நான்தானே ஊத்துறேன்?"

"நீங்க ஊத்துறீங்களா?" டிரைவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "வீட்டுல யாரும் பாக்கறதில்லன்னு நெனச்சு நான்தான் பாய் என் காசுல கேன் வாங்கி வச்சு ஊத்திக்கிட்டிருக்கேன். தூரமாப் போறதுக்கு முன்னாடி குறையுற மாதிரி இருந்தா மேல வரைக்கும் ரொப்பிருவேன். வெயில் காலமாச்சே."

"மேல வரைக்குமா?"

"ஆமா. கழுத்து வரைக்கும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அலுப்போடு ஒரு மூடியைத் திருகி எடுத்து எங்களை உள்ளே பார்க்கச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். வாய்க்குக் கீழே ஒரு சிறிய வளையம் உள்ளே இறங்கியிருந்தது.

"இந்த வளையத்துக்குச் சித்தக் கீழ தண்ணி நிக்கணும். தகடு முழுசா முங்கி, அதுக்கு மேல அரை விரல். அவ்வளவுதான். வெயில்லயும் எஞ்சின் சூட்டுலயும் உள்ள இருக்கறது விரியும். சார்ஜ் ஏறும்போது நுரைச்சு எழும்பும். அதுக்கு எடம் வேணும்ல? கழுத்து வரைக்கும் ஊத்துனா மூடில இருக்கற ஓட்டை வழியா வெளில வழியும். வழியறது வெறும் தண்ணி இல்ல, ஆசிட்டு."

"அப்ப தண்ணி குறைஞ்சது..." என்றார் மாமா.

"பாதி ஆவியாப் போனது. பாதி நீங்க ஊத்தி வழியவிட்டது. வழிஞ்ச ஆசிட்டுக்குப் பதிலாத் திரும்பத் தண்ணியா ஊத்துனா உள்ள என்ன இருக்கும்? ரசம் தண்ணியாப் போன கதைதான்."

மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிசுக்கை அவர் நகத்தால் சுரண்டினார். "இது என்ன, பூத்தது மாதிரி இல்லையே?"

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுண்ணாம்பு" என்றார்.

"சுண்ணாம்பா? பேட்டரிக்கு எதுக்குங்க சுண்ணாம்பு?"

டிரைவருக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நான் தொறக்கறேனான்னு பாக்க வச்சீங்களா பாய்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அது கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"பொட்டு காணாமப் போச்சேப்பா" என்றார் மாமா.

"மேல ஈரமா இருந்துச்சு, துடைச்சேன். துடைச்ச துண்டும் சட்டையும்தான் பொத்தலாயிருச்சு. சொன்னா நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லுவீங்கன்னு எலி கடிச்சதுன்னு சொன்னேன்."

துடைத்ததில் போன பொட்டு கொஞ்சம். ஆசிட்டே கரைத்தது மீதி. சுண்ணாம்பு உள்ளே விழுந்தால் அதுவும் கெடுதல் என்று சொல்லி கடைக்காரர் பேட்டரியைக் கழற்றினார். ஒரு கண்ணாடிக் குழாயில் உள்ளே இருந்ததை உறிஞ்சிப் பார்த்தார். குழாய்க்குள் மிதவை ஆழத்தில் முங்கிக் கிடந்தது. "ஆசிட்டு ரொம்ப வீக். ஆனா இப்பவே முடிவு சொல்ல முடியாது. முழுசா சார்ஜ் ஏத்திட்டுத்தான் பாக்கணும்" என்றார். அதுவரை ஓட்ட, தன் கடை பேட்டரி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். தகரத்தட்டை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவினார், நுரைத்து அடங்கியது.

ஏர்போர்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பானெட்டைத் தூக்கியது.

"நீ கீறுன கோடு இல்லையே?"

"அதான் சொன்னேனே. இது கடைப் பேட்டரி."

"அப்படின்னு அவங்க சொல்றாங்க" என்றார்.

மறுநாள் அவரும் தஞ்சாவூருக்கு வந்தார். எங்கள் பேட்டரி மேசைமேல் இருந்தது, கோட்டோடு. முழு சார்ஜ் ஏறியும் ஆறு குழியிலும் அடர்த்தி குறைவாகவே நின்றதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் உள்ளே இருந்ததில் கொஞ்சம் வெளியே எடுத்து, அளவாக ஆசிட் சேர்த்துச் சரிசெய்திருந்தார். "இதை வீட்டுல செய்யக் கூடாது. இனிமே தண்ணி மட்டும். தகடு தெரியற அளவுக்கு இறங்கியிருந்தா முதல்ல தகடு மூடுற அளவுக்கு விட்டு, சார்ஜ் ஏறினப்பறம் மீதிய விடுங்க. யாராவது ஒருத்தர் மட்டும் பாருங்க" என்றார்.

அந்த ஒருத்தர் யார் என்பதில் திரும்பும் வழியெல்லாம் பேச்சு. மாமா டிரைவரை நம்பத் தயாராக இல்லை. டிரைவர் பேட்டரியைத் தொடவே மாட்டேன் என்றார். என் கணவர் இன்னும் சில நாளில் திரும்பிப் போகிறவர். கடைசியில் என் தலையில் விழுந்தது. அந்தக் கோடை முழுக்க வாரம் ஒருநாள், வண்டி ஆறிய பிறகு, பேட்டரியின் மேலே ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்து, வளையத்துக்குக் கீழே நிற்கிற வரைக்கும் மட்டும் ஊற்றினேன். ஒரு குழிக்குச் சில நேரம் ஒரு டம்ளரில் கால்பங்கு கூடத் தேவைப்படாது. தட்டில் மறுபடி எதுவும் பூக்கவில்லை.

டிரைவர் எங்களோடு இன்னும் ஒரு வருஷம் இருந்தார். மாமா அவருக்குப் பெருநாளுக்கு இரண்டு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. டிரைவரும் துணியை வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மாமாவிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில். பிறகு அவருக்கும் விசா வந்தது. சவூதியில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை. போவதற்கு முன் விடைபெற வந்தவர் என்னிடம்தான் சாவியைக் கொடுத்தார்.

"அங்க வண்டில பேட்டரிக்குத் தண்ணியே ஊத்த வேணாமாம் அக்கா. மூடியே இருக்காதாம்" என்றார்.

அடுத்து வந்த டிரைவர் நன்றாகப் பேசுவார். மாமா அவர் ஓட்டும் கிலோமீட்டரைக் கவனிக்க ஆரம்பித்தார்.