யாரும் பார்க்காத முதுகு

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட் ஒரு சைஸ் சின்னது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆள் கொஞ்சம் அகலம். பெரிய சைஸ் கேட்டதற்கு, இப்போதைக்கு இதைப் போட்டுக்கொள், அடுத்த தடவை வரும்போது தருகிறோம் என்றார்களாம். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. காற்றே புகாத துணி. அதற்கு மேல் ஒரு ஜாக்கெட், அதற்கும் மேல் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய பெரிய பெட்டிப் பை. சந்தாபுராவிலிருந்து கிளம்பி எலெக்ட்ரானிக் சிட்டி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தால் டீ-ஷர்ட்டை உரித்துத்தான் எடுக்க வேண்டும். சில நாள் அதைக்கூடச் செய்யாமல் ஃபேனுக்குக் கீழே விழுந்து, அதே ஈரத்தோடு தூங்கிவிடுவார். "எருமை மாடுகூட தண்ணியப் பாத்தா இறங்கும்ங்க, நீங்க எந்த ஜாதி?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் படுப்பார்.

அந்தச் சித்திரை வெயிலில்தான் அவருக்கு மாரிலும் முதுகிலும் பொரிப்பொரியாகக் கிளம்பியது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. நான் எழுந்து உட்காருவதே பெரிய பாடு. அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. அரிக்குது என்று அவர் சொன்னார். வேர்க்குரு என்று நான் சொன்னேன். பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடு. எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு அந்த வாரம் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். ஒரு நாள் திடீர் மழையில் நனைந்துவந்த இவருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. சாயங்காலம் பனியனோடு உட்கார்ந்து டீ குடிக்கும்போது, என் மாமியார் அவருடைய மாரைப் பார்த்தார். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துட்டாளே! கண்ணு, எழுந்து உள்ள போடா. அவ பக்கத்துல நிக்காத."

"அவ" என்றால் நான். வயிற்றோடு இருந்த நான்.

மாமியார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் வளர்ந்தவர். கூடப்பிறந்த தம்பியை அம்மையில் பறிகொடுத்தவர். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், "அத்தை, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ஆத்தா இருக்கற வீட்ல டாக்டரு, மருந்துன்னு வாயால சொல்லாத தாயி. கோவிச்சுக்குவா. ரெண்டு உசுரு இருக்கு உன்கிட்ட. மொதல்ல நீ கெளம்பு."

இருட்டுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்டின் டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். இவர் உள்கதவைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றார். "பத்து நாள்தானே, ஓடிடும். நீ பாத்து ஏறு" என்றார். என் வயிற்றில் கைவைத்துப் பார்க்காமல் அவர் வேலைக்குக்கூடக் கிளம்பியதில்லை. அன்றைக்கு வாசல்வரைகூட வரவில்லை.

மறுநாள் செக்கப்புக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் சொன்னேன், வீட்டில் சின்னம்மை என்று. நர்ஸம்மா பதறிப்போய், அந்தப் பக்கமே போகாதே, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது, பிறந்த பிள்ளைக்கும் ஆகாது என்றார். உண்மைதான். அம்மையாக இருந்திருந்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு வார்த்தையைச் சொன்னேன், அவர்கள் அந்த வார்த்தைக்குப் பதில் சொன்னார்கள். முதுகை யாரும் பார்க்கவில்லை.

அங்கே வீட்டில் அவருக்கு ராஜ உபசாரம். ஜன்னலைச் சாத்தி, வேப்பிலை பரப்பிய பாயில் படுக்கவைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார் மாமியார். குளிக்கக் கூடாது. ஈரத்துணியால்கூடத் துடைக்கக் கூடாது. சித்திரை மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே! போன் போட்டால் இவர் புலம்புவார். "அரிப்பு தாங்கலடி. வேப்பிலைக் கொத்தால தேய்ச்சுக்கறேன். புதுசு புதுசா வேற வருது." மாமியார் பின்னாலிருந்து, ஆத்தா முத்து போடுறா, நல்லதுதான், சொறியாதே என்பார். வேர்வையில் ஊறவைத்துவிட்டு, பெருகப் பெருகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நாள் இருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெண் குழந்தை. மூச்சு இழுக்கத் திணறுகிறாள், நுரையீரல் முற்றவில்லை என்று தனி வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெற்றவர்கள் மட்டும் கைகழுவி, கவுன் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போகலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், அம்மை உண்டா என்று கேட்டார்கள். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அப்பா உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் நினைத்திருந்தால் சண்டை போட்டு வந்திருக்கலாம். வரவில்லை. "வேணாம்டி. உள்ள இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கும். என்னால ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். நல்ல மனுஷன் என்பதால்தான் வராமல் இருந்தார், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஒரு டாக்டர் மனமிரங்கி அக்கா போனில் கொஞ்சம் வீடியோ எடுத்துக்கொடுத்தார். அதைத்தான் இவர் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். அவள் போனதற்கும் அம்மைக்கும் சம்பந்தமில்லை, அப்பன் வந்திருந்தாலும் போயிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். துணியில் சுற்றி என் அக்காள் புருஷன்தான் தூக்கிக்கொண்டு போனார். ஆத்தா இருக்கும் உடம்போடு சாவுக்குப் போகக் கூடாது என்று மாமியார் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று சொன்ன பிறகு என்னைக் கூட்டிவந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றித் திரும்பியபோதுதான் நான் அந்த முதுகை முதல்முறையாகப் பார்த்தேன்.

ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. சிவப்புச் சிவப்பாக, எல்லாம் ஒரே அளவில், ஒவ்வொரு முடிக்காலிலும் ஒரு குரு. தண்ணீர்க் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. காய்ந்து பொருக்குத் தட்டியதும் இல்லை. முகத்தில் இல்லை, தலையில் இல்லை, கையில் காலில் இல்லை. பையின் பட்டை அழுத்துகிற தோளிலும், டீ-ஷர்ட் ஒட்டுகிற மாரிலும் முதுகிலும் மட்டும் அடர்ந்து கிடந்தது. "சட்டையப் போடுங்க. இப்பவே கெளம்புங்க" என்றேன். மாமியார் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

தோல் டாக்டர் ஒரு கன்னடத்து அம்மா. விளக்கை அடித்துப் பார்த்தார். சின்னம்மை வந்து போனது என்று நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

"சின்னம்மையா? யாரு ஹேளித்து?"

யார் சொன்னது?

முகப்பரு மாதிரி இருக்கும், ஆனால் பருவும் இல்லை என்றார். எல்லோர் தோலிலும் இருக்கிற ஒரு பூஞ்சைதான், வேர்வையும் இறுக்கமும் சேர்ந்தால் முடிக்காலுக்குள் பெருகிவிடும், அதுதான் இந்த அரிப்பு என்றார். தொட்டாலும் அது யாருக்கும் ஒட்டாதாம். பூஞ்சைக்கான ஷாம்பு ஒன்றை எழுதிக்கொடுத்தார். மாரிலும் முதுகிலும் நுரையைத் தடவி, சில நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் குளியல். தொளதொளப்பான பருத்திச் சட்டை. எண்ணெய் வேண்டாம், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம், கிள்ள வேண்டாம். "மெல்ல, மெல்ல" என்று காற்றில் கையால் தடவிக் காட்டினார்.

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொழந்தய தொட்டிருந்தா?"

டாக்டருக்கு விஷயம் தெரியாது. சிரித்துக்கொண்டே, "தாராளமா தூக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் நேரே குளியலறைக்குப் போனார். வெகுநேரம் கழித்துக் கதவைத் தள்ளினால், துணி தேய்க்கிற பிரஷ்ஷால் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தேன். அது போய் மாமியார் காலடியில் விழுந்தது. "பாருங்க! உங்க ஆத்தா போட்ட முத்தப் பாருங்க!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மாமியார் அந்தப் பிரஷ்ஷை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கென்னமா தெரியும், எனக்கென்னமா தெரியும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகு ஷாம்புவை இவர் கையில் விடாமல் நானே போட்டுவிட்டேன். அந்த டீ-ஷர்ட்டைக் கிழித்து வண்டி துடைக்க வைத்தேன். கம்பெனியில் அவரே போய்ச் சண்டை போட்டுப் பெரியது வாங்கிவந்தார், உள்ளே போட ஒரு பருத்திப் பனியன், மாற்றுக்கு இன்னொன்று எடுத்துக்கொடுத்தேன். வேலை முடிந்து வந்ததும் ஸ்டூலில் உட்காருவார். நுரையை விரல் நுனியால் தடவுவேன். முதல் நாட்களில் என் கை பட்டாலே உடம்பை ஒடுக்கிக்கொள்வார். அரிப்பு அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக அமுங்கியது. சில வாரங்களில் முதுகில் கைவைத்தால் வழுவழுவென்று இருந்தது.

"போயிடுச்சா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"போயிடுச்சுங்க. கருப்புத் தடம்தான் இருக்கு. அதுவும் மெல்ல மங்கிடுமாம்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

"போகாமலே இருந்திருக்கலாம்டி" என்றார். "ஏதோ பெரிய வியாதின்னாவது நெனச்சுட்டு இருந்திருப்பேன். ஒரு பாட்டில் ஷாம்பு. இதுக்காகவா நான் அவளத் தூக்கல?"

நுரை காயத் தொடங்கியிருந்தது. மெல்லத் தண்ணீரை ஊற்றினேன்.