முத்திரைக்கு அடியில் இருந்த திகதி

மன்னார் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பக்கத்தில், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் நான் தட்டச்சு செய்கிறேன். பத்திரங்களை மொழிபெயர்க்கும்போது, முத்திரையில் உள்ள சொற்களை வாசகத்தோடு கலக்காமல், தனியே அடைப்புக்குறிக்குள் எழுதுவது எங்கள் வழக்கம்.

ஒருநாள் என்னுடைய விவாகப் பதிவின் பிரதியே மேசைக்கு வந்தது. கணவர் கனடாவுக்குப் போய் நாலு வருடம். என் விசாவுக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆனால் பதிவாளரின் ஊதா முத்திரை திருமணத் திகதியின் மேல் விழுந்திருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

"எட்டாம் திகதி ஐயா. நான்தானே கலியாணப் பொம்பிளை!" என்றேன்.

"தெரியும் பிள்ளை. ஆனா பேப்பரில தெரியிறதைத்தான் எழுதலாம். புதுப் பிரதி ஒண்டு எடுங்கோ," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இரண்டு கிழமை கழித்துக் கிடைத்த பிரதியில் முத்திரை கீழே விலகியிருந்தது; எட்டு தெளிவாகத் தெரிந்தது. வாசகத்தை முடித்து, முத்திரையைத் தனியே எழுதினேன். கணவரின் பெயருக்கு எதிரே அவருடைய கையெழுத்து சாய்ந்து ஓடியது. எங்கள் முறைப்படி அதற்கு ஆங்கிலத்தில் [கையொப்பம்] என்ற ஒரு சொல்லை மட்டுமே போடலாம். போட்டேன். பிறகு அந்த வளைவுகளின் மேல் விரலை வைத்தபடி இருந்தேன். ஐயா கை நீட்டியும் தாளைக் கொடுக்க மனம் வரவில்லை.