காற்புள்ளியில் நின்ற பட்டியல்

தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் எத்தனை முறை சொல்ல முடியும்? ஒருமுறை சொன்னால் அடக்கம் என்பார்கள். இரண்டாம் முறை பிடிவாதம். மூன்றாம் முறை சொன்னால் மெமோ வரும். இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் ஐம்பத்தொரு வயதில், ஒரு வாரம் முழுக்க, அதற்குத் தன் வேலையாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவர்தான் சமையலறைப் பொறுப்பாளர். நாற்பத்திரண்டு குழந்தைகள், இரண்டு அடுப்பு, ஒரு குளிர்பதனப் பெட்டி. பெட்டியின் கதவு நிறைய தாள்கள். எந்தப் பொட்டலத் தீனி புதிதாக உள்ளே வந்தாலும் அதற்கொரு தாள் எழுதியாக வேண்டும். இடப்பக்கம் ஒவ்வாமை தரக்கூடியவை, வலப்பக்கம் சர்க்கரை எந்தெந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்ற விவரம். கீழே தலைமை அலுவலகம் அச்சடித்த ஒற்றை வரி: ‘பட்டியல் முழுவதும் படித்தேன்.’ அதன்கீழ் கையெழுத்து.

அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பெற்றோர் முதற்கொண்டு ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அவரிடம் அப்படியொரு கண்ணாடி கிடையாது. கைப்பேசியில் படத்தை இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் படிப்பார். இதற்கு முன் பதினோரு வருடம் பிஸ்கட் ஆலையில், பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றவர். பெட்டிக்கு மேலே எழுதுவதற்கும் பின்னால் எழுதுவதற்கும் என்ன உறவு என்பதை அங்கே நின்றபடியே பார்த்துவிட்டார். மேலே ஒருவர் பேசுகிறார், பின்னால் இன்னொருவர் ஒப்புக்கொள்கிறார். சர்க்கரையின் பெயர்களை மட்டும் ஆலையில் கற்கவில்லை. அது வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வந்த வகையில் வந்த படிப்பு.

அந்த வாரத் திங்கட்கிழமை மேலாளர் சமையலறைக்கு வந்தார். முப்பது வயது, சுறுசுறுப்பான பெண். கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருப்பவர். வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். அன்று எல்லாக் குழந்தைகளுக்கும் தானியக் கட்டி கொடுப்பதாக ஒரு தீனி நிறுவனம் முன்வந்திருந்தது.

“அக்கா, படம் அனுப்பிருக்கேன், பாருங்க. வெள்ளைச் சர்க்கரை இல்லவே இல்லையாம்.”

“வெள்ளைச் சர்க்கரை இல்லன்னா, மத்த நிறமெல்லாம் இருக்குன்னு அர்த்தம்மா” என்று சொல்லிக்கொண்டே அவர் கைப்பேசியை எடுத்தார்.

நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். ஓட்ஸ், பழுப்பரிசிப் பாகு, பேரீச்சம்பழக் கூழ், கோதுமைப் பொரி, பார்லி மால்ட் சாறு, அடர்த்தியாக்கிய ஆப்பிள் சாறு, டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், சூரியகாந்தி எண்ணெய், சோயா லெசித்தின். அவர் தாளை எடுத்து எழுதினார். இடப்பக்கம்: கோதுமை, பார்லி, சோயா. ஓட்ஸுக்குப் பக்கத்தில், ‘கோதுமை கலந்திருக்குமா, கேட்கவும்.’ வலப்பக்கம்: பாகு, மால்ட் சாறு, ஆப்பிள் சாறு, டெக்ஸ்ட்ரோஸ். பேரீச்சம்பழத்துக்கு எதிரே ‘பழம்தான், ஆனாலும் இனிப்பு’ என்று குறித்தார். மால்டோடெக்ஸ்ட்ரினைச் சுற்றித் தனி வட்டம். அது பட்டியலில் சர்க்கரைக் கணக்கில் வராது, உடம்புக்குள் போனதும் வேகமாகச் சர்க்கரையாகிவிடும்.

“பட்டியல்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்” என்றார் மேலாளரிடம். “ஒரே இனிப்பை நாலு பேரா உடைச்சா நாலும் பின்னாடி போயிடும். ஒண்ணா கூட்டிப் பார்த்தா ஓட்ஸையே தள்ளிட்டு முன்னால வந்து நின்னாலும் நிக்கும்.”

“சரிக்கா, இனிப்பு ஒருநாள்தானே. அலர்ஜி ஒண்ணும் இல்லல்ல? சுருட்டைக்குப் பால் மட்டும்தான் ஆகாது.”

சுருட்டை என்பது நான்கு வயதுப் பெண் குழந்தை. சுருட்டை முடி, ஓயாத கேள்வி. போன வருடம் எங்கோ ஒரு விருந்தில், பால் கலந்தது தெரியாமல் ஒரு வாய் தின்று, உதடு வீங்கி மூச்சு அடைத்து, மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்த குழந்தை. அவளுடைய அவசர ஊசி மேலாளரின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அவர் மறுபடி கைப்பேசியை எடுத்தார். படத்தின் கடைசி வரியை அகட்டினார். சோயா லெசித்தினுக்குப் பிறகு ஒரு சின்ன வால் தெரிந்தது.

“இது கமா.”

“என்னது?”

“கடைசியில கமா இருக்கு. முற்றுப்புள்ளி இல்ல. இன்னும் ஏதோ பாக்கி இருக்கு. படம் பாதியில நிக்குது.”

மேலாளர் சிரித்துவிட்டார். “அக்கா, ஏதாவது தூசியா இருக்கும்.”

“தூசின்னா முழுப் படம் அனுப்பச் சொல்லுங்க. தூசி போயிடும்.”

விற்பனையாளரிடம் கேட்டார்கள். அவர் அதே படத்தை மறுபடி அனுப்பினார், கூடவே கும்பிடும் கை ஒன்று. பெட்டியின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சரக்கு கிடங்கில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலைதான் வரும், தனித்தனிக் கட்டியின் உறையில் பெயர் மட்டும்தான், பட்டியல் வெளிப்பெட்டியில்தான் என்றார். செவ்வாய்க்கிழமை இப்படியே போனது.

புதன்கிழமை மேலாளர் வேறொரு வழி கண்டுபிடித்து வந்தார். கைப்பேசிச் செயலி ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். அது கோதுமை, பார்லி, சோயா என்று எழுதி, நான்கு சர்க்கரைப் பெயர்களையும் சொல்லியிருந்தது.

“பாருங்க, நீங்க எழுதினதேதான். பால் இல்லைன்னும் போட்டிருக்கு.”

அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். “பால் இல்லைன்னு போடலம்மா. ‘கொடுத்த படத்தில் பால் காணப்படவில்லை’ன்னு போட்டிருக்கு. பாவம், அது ஒழுங்காத்தான் சொல்லிருக்கு. நாமதான் பாதிப் படத்தைக் கொடுத்துட்டு முழுப் பதில் கேக்கறோம்.”

“அக்கா, தலைமை அலுவலகத்துல தாள் கேக்கறாங்க. ஒரு கமாவுக்காக பெற்றோர் நாளையே நிறுத்தச் சொல்றீங்களா?”

“நான் எதையும் நிறுத்தல. தாள் எழுதிட்டேன். இருக்கிறதெல்லாம் எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன். கீழ ‘முழுவதும்’னு இருக்கு. அந்த வார்த்தையை அடிச்சிட்டு ‘கமா வரைக்கும்’னு எழுதிக் கொடுங்க, இப்பவே போடறேன்.”

“கேலி பண்றீங்களா?”

“இல்லம்மா. நிஜமாவே போடறேன்.”

உண்மைதான், கேலி செய்யவில்லை. அச்சடித்த வரியை அச்சடித்தபடியே நம்புகிறவர்கள் குறைவு. அப்படி ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு அது அகம்பாவமாகத் தெரியும். கொஞ்சம் அகம்பாவமும் இருந்திருக்கலாம். அவரை மகானாக்க வேண்டியதில்லை.

வியாழன் மதியம் மெமோ வந்தது. மேலதிகாரி சொன்னதைச் செய்ய மறுத்தது, ஏற்பாடுகளுக்கு இடையூறு செய்தது என்று முக்கால் பக்கம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, நின்றபடி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டார்.

“இதுக்கு மட்டும் உடனே போடறீங்க” என்றார் மேலாளர் கசப்பாக.

“இது முழுசா இருக்கே. கடைசியில முற்றுப்புள்ளி வெச்சிருக்கீங்க.”

வீட்டில் சொன்னபோது, தையல் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் பொத்தான் தைத்துக்கொண்டே சிரித்தார்.

“உன்கிட்ட மாட்டினா யாரும் தப்ப முடியாது. என் பேன்ட் பையில பிஸ்கட் உறை இருந்ததுக்கே அன்னிக்கு விசாரணைக் கமிஷன் வெச்ச.”

“அதுல இன்வர்ட் சிரப் இருந்துதுங்க, அதுவும் சர்க்கரைதான்.”

“பசி இருந்துது, அதை யார் பாத்தா?” என்றவர் ஊசியை நிறுத்தினார். “சரி, வேலை போயிட்டா?”

“போகட்டும்.”

“நாளைக்கு அந்தப் பெட்டியில பால் இல்லன்னா? எல்லாரும் சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும். இல்லன்னு நாளைக்குத்தானே தெரியப் போகுது? இன்னிக்குத் தெரியாதுல்ல. நான் இன்னிக்குதான் கையெழுத்துப் போடணும்.”

வீட்டுக்காரர் பொத்தானை இறுக்கி முடிச்சுப் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு விற்பனையாளர் மூன்று பெட்டிகளுடன் வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் சிலர் வந்துவிட்டார்கள், சுருட்டையின் அம்மாவும்.

“இந்த அக்காதான் கமா அக்காவா?” என்று விற்பனையாளர் சிரித்தார். “நாலு நாளா என்னைத் தூங்க விடல நீங்க.”

“தம்பி, பெட்டியை இறக்கி வைங்க. கவுத்து வைங்க.”

பெட்டியின் அடிப்புறத்தில் பட்டியல் இருந்தது. அவர் விரலை வைத்து, அவசரப்படாமல், சத்தமாகப் படித்தார். சோயா லெசித்தின் வந்தது. காற்புள்ளி வந்தது. அதற்கு அப்பால்: சோடியம் கேசினேட், உப்பு, மணமூட்டி. முற்றுப்புள்ளி. அடுத்த வரி தடித்த எழுத்தில்: ‘கோதுமை, பார்லி, சோயா, பால் அடங்கியது. எள், நிலக்கடலை இருக்கலாம்.’

“கேசினேட்னா?” என்று மேலாளர் கேட்டார்.

“பாலோட புரதம்.”

விற்பனையாளர் தன் கைப்பேசியில் இணையப் பக்கத்தைத் திறந்தார். பட்டியலின் கடைசியில் ‘மேலும்’ என்று வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு சொல். தொட்டால் மீதி விரிந்தது. படம் எடுத்தபோது அவர் அதைத் தொடவில்லை, சாம்பல் சொல்லையும் வெட்டி எடுத்துவிட்டார். “படம் அழகா வரட்டும்னுதான்...” என்று ஆரம்பித்தவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுருட்டையின் அம்மா பெட்டிக்கு எதிரே அப்படியே நின்றார். அழவில்லை. “இது இன்னிக்கு நாலு மணிக்கு அவ கையில இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார், யாரையும் பார்க்காமல். பெட்டிகள் ஏற்றப்பட்டுத் திரும்பிப் போயின. அன்று குழந்தைகள் வாழைப்பழம் தின்றார்கள். அதற்குத் தாள் தேவையில்லை.

பால் இருந்ததால்தான் அவர் செய்தது சரி என்று அதன்பின் பலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காற்புள்ளிக்கு அப்பால் வெறும் உப்பு மட்டும் இருந்திருந்தாலும் புதன்கிழமை அவர் சொன்னது அவ்வளவே சரி. அப்போது பாராட்ட ஒருவரும் இருந்திருக்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலையில் கூடம் காலியானபின் மேலாளர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்த மெமோவின் நகல்.

“அக்கா, தப்பு என்மேலதான். தலைமை அலுவலகத்துல பேசிட்டேன். இதைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. உங்க ஃபைல்லருந்து எடுத்துக் கிழிச்சிடறேன்.”

“வேண்டாம்மா.”

“என்னக்கா?”

“ஃபைல்லயே இருக்கட்டும்.”

“உங்க பேருக்குத்தானே கறை? ஏன்க்கா?”

அவர் கரண்டிகளைக் கழுவி ஒவ்வொன்றாக மாட்டினார். மேலாளர் இரண்டு முறை கேட்டார். பிறகு ஒரு தடவை வீட்டுக்காரரும் கேட்டார், சுருட்டையின் அம்மாவும் கேட்டார். ஏழு வருடம் கழித்து அவர் வேலையை விட்ட நாளில், எழுத்தர் கோப்பை எடுத்துக் காட்டி, இப்போதாவது எடுத்துவிடட்டுமா என்றார். அவர் அந்த முக்கால் பக்கத்தை மறுபடி முழுவதும் படித்தார், “எடுத்தா ஃபைல் முழுசா இருக்காதே” என்று இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.