குட்டிக்கு ஓர் ஊசி போதாது

மட்டக்களப்பில் நான் உதவியாளராக வேலை செய்யும் தனியார் மிருக வைத்திய நிலையத்துக்கு ஒரு முகநூல் பக்கம் உண்டு. புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு அதில் ஒரு பதிவு எழுதச் சொல்லியிருந்தார்கள். தடுப்பூசி, உணவு, பழக்கம் என்று தலைப்புகள் மட்டும் போட்டிருந்தேன். அதற்குள் கல்லடியில் ஓட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று மாதக் குட்டி. வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம். மணத்திலேயே பாதி விளங்கிவிட்டது. மலத்தைப் பரிசோதித்தோம், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ்தான்.

"தடுப்பூசி போட்டயளா அண்ணன்?"

"போட்டாச்சு மிஸ். ஒழுங்கைக்கு வந்து எல்லா நாய்க்கும் சும்மா போட்டவங்க."

"அது விசர்நாய் நோய்க்கு. இந்த வருத்தத்துக்கு வேற ஊசி."

"இத்தின வகையா? எனக்கே இவ்வளவு போடல்லயே!"

எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது? வீதிக்கு வந்து போடுவது அவசியமான ஊசிதான். ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பார்வோவுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் கடக்கும்வரை போட வேண்டும். அதுவரை மற்ற நாய்கள் திரியும் கடற்கரைக்குக் கூட்டிப் போகக் கூடாது. இவர் தினமும் கூட்டிப் போயிருக்கிறார்.

வைத்தியர் சேலைன் ஏற்றினார். குட்டியைத் தனி அறையில் வைத்தோம். அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"வீடெல்லாம் அசிங்கமாக்கினான் மிஸ். பழகட்டும் எண்டு ஈர்க்கிலால அடிச்சன். மறுகாவும் அதே இடத்திலதான் போனான்."

"அவனால அடக்க ஏலாது அண்ணன். வருத்தம்."

"பிழைப்பானா?" என்று மட்டும் கேட்டார். சொல்ல முடியாது என்றேன்.

சில நாட்கள் அந்த அறையைக் குளோரின் கரைசலால் கழுவிக் கழுவி என் கை தோலுரிந்தது. பிறகு ஒரு காலை குட்டி தானாக எழுந்து கொஞ்சம் தின்றது.

கூட்டிப் போக வந்தவரிடம் சொன்னேன்: குழைந்த சோறும் அவித்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக. மீன் முள், கறி, பால் வேண்டாம். தேறியதும் மிச்ச ஊசிகள். வேறு குட்டிகள் கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். கையை நீட்டியதும் குட்டி மேசைக்கடியில் புகுந்துவிட்டது. அவர் முகம் வாடிவிட்டது.

"இழுக்காதீங்க. கீழ இருங்க. இதைக் கையில வெச்சுக்கொண்டு வேற பக்கம் பாருங்க" என்று கோழித் துண்டொன்றைக் கொடுத்தேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி தரையில் இருந்தார். நெடுநேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. துண்டைக் கவ்விக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

"இப்ப தூக்கவா மிஸ்?"

"பொறுங்க. அவனா வரட்டும்."

பூட்டும் நேரம் தாண்டியிருந்தது. கால் உளைந்ததால் நானும் தரையில் இருந்து, அடுத்த துண்டைப் பிய்த்துக் கொடுத்தேன்.