பிளம்பரின் நூலக முத்திரை

என் வீட்டுக்காரர் பிளம்பர். பத்து வருஷமாகப் புத்தகம் சேர்க்கிறார். இரவல் வாங்கிப்போன என் தம்பி, "இதுல உங்க பேரா எழுதியிருக்கு, மாமா?" என்று ஒன்றை அமுக்கிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே இவரை ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு இழுத்துப்போனேன்.

"பேருக்குக் கீழ போன் நம்பர் போடவா?" என்றார் கடைக்காரர்.

"பில்லுக்கு இல்லைங்க, புத்தகத்துக்கு. 'வீட்டு நூலகம்'னு போட்டு, வரிசை எண் எழுதக் கட்டம் விடுங்க," என்றார் இவர், கூச்சத்தோடு.

கடைக்காரர் மாதிரியைத் தாளில் அச்சடித்துக் காட்டினார். எண்ணுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன.

"எத்தனை புத்தகம் இருக்கு?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அப்ப மூணு கட்டம் தாராளம்."

அதுவரை குனிந்தே நின்றவர் நிமிர்ந்தார்.

"நாலாப் போடுங்க."